கடன் மாடல் ஆடிட்: பெண்களுக்கு ஒப்புதல் குறைவு, காரணம் பிடிபடவில்லை (அவசரம்)

கோவை_ஆடிட்
எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை ஆடிட் கமிட்டிக்கு அறிக்கை போக வேண்டும். எங்கள் கடன் மாடலில் பெண்களுக்கு ஒப்புதல் 45%, ஆண்களுக்கு 58%. மாடலுக்குள் ஆணா பெண்ணா என்ற விவரமே போகவில்லை, உள்ளீட்டுப் பட்டியலை நானே பார்த்துவிட்டேன். அதனால் பாரபட்சத்துக்கு வழியே இல்லை என்று டெவலப்மென்ட் டீம் எழுதிக் கொடுத்துவிட்டது. ஏயூசி 0.79, அது நன்றாகத்தான் இருக்கிறது. இதை எப்படி எழுதுவது?

சேலம்_ரிஸ்க்
என்ன கடன்? எத்தனை மாத விண்ணப்பம்? 45% என்பது மாடல் சொன்ன முடிவா, கிளை மேனேஜர் மாற்றிய பிறகு வந்ததா? மாடல் யார் செய்தது, நீங்களா வெளி நிறுவனமா? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் யாரும் ஊகம்தான் செய்ய முடியும்.

வரைபடக்காரன்
பின்கோடுதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் அதிகம் விண்ணப்பிக்கும் பகுதிகளுக்கு மாடல் குறைந்த மதிப்பெண் தரும். பின்கோடை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

கோவை_ஆடிட்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். டூவீலர் கடன், 6 மாதம், 18,400 விண்ணப்பங்கள், அதில் பெண்கள் 4,400. மாடலின் நேரடி முடிவுதான், கிளை மாற்றங்கள் சேரவில்லை. எக்ஸ்ஜிபூஸ்ட், வெளி நிறுவனம் செய்து கொடுத்தது. பின்கோடு மாடலில் இல்லை.

மூத்த_வேலிடேட்டர்
"ஏயூசி நன்றாக இருக்கிறது" என்று ஆடிட்டரே எழுதினால் என்ன சொல்வது? ஒழுங்காகக் கட்டுபவரையும் கட்டாதவரையும் மாடல் எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதைத்தான் அது சொல்லும். யாரைத் தவறாகத் தள்ளுகிறது என்று சொல்லாது. அடிப்படையைப் படித்துவிட்டு வந்தால் பாதிக் கேள்விகள் தானே போய்விடும். இந்தத் தளத்திலேயே பத்து தடவை எழுதியிருக்கிறேன்.

ஈரோடு_மஞ்சள்
தொடர்பு இருக்கிறதா தெரியவில்லை. போன மாதம் என் அம்மாவுக்கு ஸ்கூட்டி கடன் மறுத்துவிட்டார்கள். சிபில் பார்த்தால் ஸ்கோர் -1 என்று வருகிறது. மகளிர் குழுவில் 15 வருடமாக இருக்கிறார், ஒரு தவணை கூடத் தவறியதில்லை. கடன் எப்போதும் குழுவின் பெயரில்தான். -1 என்றால் கடன் கட்டாதவர் என்று அர்த்தமா? எப்படிச் சரி செய்வது?

சேலம்_ரிஸ்க்
இல்லை சகோதரி. சிபில் ஸ்கோர் 300-இலிருந்து 900 வரை. -1 என்பது மதிப்பெண்ணே இல்லை, "இவருக்குக் கடன் வரலாறு இல்லை" என்பதற்கான குறி. அம்மாவின் மேல் எந்தக் குறையும் இல்லை.

கோவை நண்பரே, இதைத்தான் நீங்களும் பார்க்க வேண்டும். அந்தக் குறி உங்கள் மாடலுக்குள் எண்ணாகப் போகிறதா? இதை ஓட்டி வந்ததை அப்படியே போடுங்கள்:

```python
df["nh"] = df["bureau_score"] == -1
df.groupby(["gender", "nh"])["approved"].agg(["count", "mean"])
```

கோவை_ஆடிட்
```
gender  nh     count  mean
F       False   1980  0.64
F       True    2420  0.29
M       False  11200  0.65
M       True    2800  0.30
```

மூத்த_வேலிடேட்டர்
முடிந்தது. வரலாறு உள்ளவர்களில் 64, 65. இல்லாதவர்களில் 29, 30. ஒரே நிலையில் இருப்பவர்களை மாடல் ஒரே மாதிரிதான் நடத்துகிறது. பாரபட்சம் இல்லை என்று எழுதி மூடிவிடலாம்.

சேலம்_ரிஸ்க்
மூட முடியாது சார். பெண்களில் 55% பேருக்கு வரலாறு இல்லை, ஆண்களில் 20% பேருக்குத்தான் இல்லை. வித்தியாசம் ஏறக்குறைய முழுக்க அந்த வழியாகத்தான் வருகிறது. அந்த வழி நியாயமானதா என்பதே இப்போது கேள்வி. வரலாறு இல்லாதவர்கள் நிஜமாகவே அதிகம் தவறினால் அது ஒரு விதம். குறியை எண்ணாகப் படித்ததால் தள்ளுகிறது என்றால் அது கோளாறு.

நண்பரே, இரண்டு எண்கள் போதும். மாடலைப் பயிற்றுவித்த டேட்டாவில் `bureau_score` குறைந்தபட்சம் என்ன? இப்போது ஓடும் டேட்டாவில் என்ன?

நாணயம்
0.8-க்குக் கீழே போனால் ரிசர்வ் வங்கி விதிப்படி தவறுதானே? 45-ஐ 58-ஆல் வகுத்தால் 0.78 வருகிறது. இதை மட்டும் எழுதினாலே போதும்.

சேலம்_ரிஸ்க்
அது ரிசர்வ் வங்கி விதி இல்லை. 1978-இல் அமெரிக்காவில் வேலைக்கு ஆள் எடுப்பதற்காகக் கொண்டுவந்த அளவுகோல், பிறகு கடன் துறையிலும் பழகிப்போனது. தோண்டிப் பார் என்று சொல்லும் மணியாக வைத்துக்கொள்ளலாம். 0.78 தவறு, 0.81 சரி என்று கமிட்டியிடம் சொன்னால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

வரைபடக்காரன்
ஆடிட்டர் பாலின விவரத்தைத் தொடுவதே சரியா? மாடலில் வேண்டாம் என்று எடுத்ததைச் சோதனைக்காகத் திரும்பச் சேர்ப்பது முரண் இல்லையா?

நாணயம்
கேஒய்சி படிவத்தில் இருக்கிறதே. அது இல்லாமல் 45, 58 என்ற எண்களே வந்திருக்காது.

வரைபடக்காரன்
ஒரு காரணத்துக்காக வாங்கிய விவரத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்தலாமா என்பது தனிக் கேள்வி. வாடிக்கையாளரிடம் வாங்கிய ஒப்புதலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எடுக்கக்கூடாது. இதை நான் விடமாட்டேன்.

கோவை_ஆடிட்
பயிற்சி டேட்டாவில் குறைந்தபட்சம் 300. ஓடும் டேட்டாவில் -1.

சேலம்_ரிஸ்க்
பிடிபட்டது. பயிற்சி நேரத்தில் வரலாறு இல்லாதவர்களின் கட்டம் காலியாக இருந்திருக்கும், அதை ஏதோ ஒரு எண்ணால் நிரப்பியிருப்பார்கள். இப்போது -1 நேராக உள்ளே போகிறது. மாடல் அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை. மர மாடல் "ஸ்கோர் இதைவிடக் குறைவா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கும். ஒவ்வொரு கேள்விக்கும் -1 "ஆமாம்" என்று சொல்லி, 300 வாங்கியவரோடு போய் உட்காரும். பயிற்சியிலும் இப்போதும் கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தால், காலிக் கட்டத்தை எந்தக் கிளையில் அனுப்புவது என்று எக்ஸ்ஜிபூஸ்ட் தானே கற்றிருக்கும்.

நிரூபிக்க: ஸ்கோர் -1 என்று வந்து மறுக்கப்பட்ட விண்ணப்பங்களில் ஏதாவது 300 விண்ணப்பங்களை எடுங்கள். ஸ்கோரை மட்டும் பயிற்சியில் நிரப்பிய எண்ணாக மாற்றி, அதே மாடலில் திரும்ப ஓட்டுங்கள். கூடவே மாற்றப் பதிவேட்டில் தேடுங்கள்: காலிக் கட்டம் எந்த நாளில் -1 ஆனது, யார் கையெழுத்து? நிர்வாகக் குறை என்று நீங்கள் எழுத வேண்டியது அங்கேதான் இருக்கும். ரிசர்வ் வங்கி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட மாடல் ரிஸ்க் வரைவும் வெளி நிறுவனத்தின் மாடலைச் சேர்த்தே பேசுகிறது. வெண்டர் செய்தது என்று ஒதுங்க முடியாது.

மூத்த_வேலிடேட்டர்
இது சரியான வழி. முன்பு அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். ஆனால் திரும்ப ஓட்டும்போது எத்தனை பேர் தேறினாலும், அவர்கள் எல்லோரும் கட்டியிருப்பார்கள் என்று எழுதிவிடாதீர்கள். கடனே கொடுக்காதவர் கட்டுவாரா என்பதற்கு நம்மிடம் பதில் கிடையாது.

சேலம்_ரிஸ்க்
உண்மை. அதற்கு ஒரே பிடிமானம் பயிற்சி டேட்டாவுக்கு முந்தைய மூலக் கோப்பு. அதில் கட்டம் காலியாக இருந்தும் கடன் வாங்கியவர்கள் இருப்பார்கள். 12 மாதத்துக்குள் 90 நாள் தவணை தவறியவர் அவர்களில் எத்தனை, மற்றவர்களில் எத்தனை என்று பாருங்கள். அவர்களும் வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள்தான், அந்த வரம்பை அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

ஈரோடு_மஞ்சள்
அம்மா மறுபடி விண்ணப்பிக்கலாமா?

சேலம்_ரிஸ்க்
மறுத்த காரணத்தை முதலில் எழுத்தில் கேளுங்கள். குழுவின் கடன் வரவு செலவை வங்கியிடம் வாங்கி, கிளையில் நேரில் கொடுத்து மனிதர் ஒருவர் பார்க்கும்படி கேளுங்கள். பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

கோவை_ஆடிட்
ஓட்டிவிட்டேன். பயிற்சியில் 720 என்று நிரப்பியிருக்கிறார்கள். எடுத்த 300 விண்ணப்பங்களில் 112 தேறின. பிப்ரவரியில் பீரோ இணைப்பை மாற்றியபோது -1 வரத் தொடங்கியது, மாற்றப் பதிவேட்டில் அதற்கு வரியே இல்லை. மூலக் கோப்பு கேட்டிருக்கிறேன், வெண்டர் இரண்டு வாரம் என்கிறார். நன்றி.

சேலம்_ரிஸ்க்
720-உம் சரியில்லை, வரலாறு இல்லாதவரை நல்ல ஸ்கோர்காரராக வேடம் போட வைத்து மாடலைப் பழக்கியிருக்கிறார்கள். இதைத் தனிக் குறையாகப் போடுங்கள். மூலக் கோப்பு வந்தால் எண்ணை இங்கே போடுங்கள்.