நேர்முகத் தேர்வில் பொட்டாசியம் கேள்வி: நான் எங்கே சறுக்கினேன்?

புதுக்கை: நேற்று ஆய்வகத் தொழில்நுட்பர் வேலைக்கான நேர்முகத் தேர்வு. "பொட்டாசியம் 8.1, கால்சியம் 1.1 மில்லிமோல். நோயாளி நன்றாக நடமாடுகிறார். அறிக்கையை வார்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். பிறகுதான் எண்கள் உறுத்துகின்றன. என்ன செய்வீர்கள்?" என்றார்கள். அதே மாதிரியை மறுபடி ஓட்டிப் பார்ப்பேன் என்றேன். கேட்டவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எங்கே தவறினேன்?

மையவிலக்கு: ரத்த அணுக்கள் உடைந்திருக்கும். சீரம் சிவந்திருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். உடைந்தால் பொட்டாசியம் ஏறும்.

இரவுப்பணி: ஏறும், சரிதான். ஆனால் கால்சியம் ஏன் இப்படி இறங்கியது? அதற்கு அணு உடைவு பதில் சொல்லாது. ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு, கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். ஊதாக் குழாயில் முதலில் எடுத்துவிட்டு, சீரம் குழாயில் ரத்தம் போதவில்லை என்று அதிலிருந்து கொஞ்சம் ஊற்றினால் இந்த இரண்டு எண்களும் வரும். சீரம் தெளிவாகவே இருக்கும். மறுபடி ஓட்டினாலும் அதே பொய்தான் வரும், தம்பி. அதனால்தான் அவர் சிரித்திருப்பார்.

புதுக்கை: அப்படியானால் முதலில் புதிய மாதிரி கேட்க வேண்டுமா?

இரவுப்பணி: அதற்கும் முன்னால் வார்டுக்குத் தொலைபேசி. பொட்டாசியம் 8.1 என்று நம்பி இன்சுலின் ஏற்றிவிட்டால், உண்மையில் 4 இருக்கும் நோயாளிக்குப் பொட்டாசியமும் சர்க்கரையும் விழும். "அந்த முடிவை நம்ப வேண்டாம், புதிய மாதிரி அனுப்புங்கள்" என்று சொல்லி, கேட்டவரையே திருப்பிச் சொல்ல வையுங்கள்; அவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திருத்திய அறிக்கை. பழையதை அழிக்கக் கூடாது, திருத்தப்பட்டது என்ற குறிப்போடு அது இருக்க வேண்டும். தவறுப் பதிவேடு கடைசியில்தான். பலர் அங்கிருந்து தொடங்குவார்கள்.

மருந்துச்சீட்டு: எனக்கும் இதே கேள்விதான்! கையுறையோடு இருக்கும்போது தொலைபேசி அடித்தால் என்ன செய்வீர்கள் என்றார்கள். கழற்றி, கைகழுவி, பிறகு எடுப்பேன் என்றேன். சரியா?

மையவிலக்கு: அது வேறு கேள்வி, ஆனால் பதில் சரி. கையுறையோடு எடுத்தால் அடுத்து அதைத் தொடுகிறவர் வெறுங்கையோடு இருப்பார்.

புதுக்கை: கடைசியில் "நீங்களே செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார்கள். பயிற்சியின்போது ஒருமுறை, நோயாளி எழுந்துபோன பிறகு நினைவிலிருந்து குழாயில் பெயர் ஒட்டினேன். அதைச் சொல்லவில்லை.

மையவிலக்கு: நல்லது. அதைச் சொன்னால் வேலை கிடைக்காது.

இரவுப்பணி: நான் தேர்வு செய்பவராக இருந்தால் அதைத்தான் கேட்க விரும்புவேன். எப்படித் தெரியவந்தது, அந்தக் குழாயை என்ன செய்தீர்கள்?

புதுக்கை: மேற்பார்வையாளரிடம் சொன்னேன். குழாயைக் கொட்டிவிட்டு மறுபடி குத்தினோம். நோயாளி திட்டினார்.

மருந்துச்சீட்டு: இதைச் சொல்லாமல் விட்டீர்களா?