புதுப்பிப்பு: தோழியிடம் நேரில் கேட்டுவிட்டேன்

முன்பு கேட்டது: "ஏழாவது வாரத்தில் தோழியிடம் மட்டும் சொன்ன கர்ப்பச் செய்தி மாமியார் காதுக்கே போய்விட்டது. அவளிடம் எப்படிக் கேட்பது?"

வாட்ஸப்பில் எழுதாமல் தனியாகப் பேசுங்கள் என்று ஒருவர் சொன்னபடியே, ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு மொட்டைமாடியில் பேசினேன். "ஏன் சொன்னாய்?" என்று தொடங்காமல், "உன்னிடம் மட்டும் சொன்னதை மாமியார் என்னிடமே விசாரித்தார், அது எப்படிப் போயிருக்கும்?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. கையிலிருந்த துண்டை இரண்டு முறை மடித்துப் பிரித்த பிறகு, மகிழ்ச்சியில் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டதாகவும், அவர் கோயிலில் என் மாமியாரைப் பார்த்து வாழ்த்தியதாகவும் ஒப்புக்கொண்டாள்.

வேண்டுமென்றே செய்திருப்பாள், உறவை முறித்துவிடுங்கள் என்றவரின் கணிப்பு பாதிதான் சரி. சொன்னது அவள்தான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் "அம்மாவிடம் சொன்னதும் வெளியே சொன்னதாகுமா?" என்று அவள் கேட்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது. முன்பு ஒருமுறை ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்ததால்தான் மூன்று மாதம் முடியும்வரை மறைக்க நினைத்தேன் என்பதை அப்போதுதான் சொன்னேன். (அதை முதலிலேயே சொல்லாதது என் பிழை.) அழுதாள், மன்னிப்பும் கேட்டாள்.

பதிலில் தன் நாத்தனார் கதையை எழுதிய அக்காவுக்கு: என் சிக்கல் மாமியாரோடு அல்ல. அடுத்த ஸ்கேன் முடிவைத் தோழியிடம் சொல்வேனா என்பது இன்னும் எனக்கே தெரியவில்லை.