கலைச்சொல் உதவி: கந்தக அமில ஆலையில் எழும் வெண்படலத்துக்கு என்ன பெயர்?

கொழிஞ்சாம்பாறை, பள்ளி ஆசிரியை:

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் பள்ளியின் தமிழ் வழிப் பத்தாம் வகுப்புக்குத் தொடு முறை பற்றி ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். கந்தகத்தை எரித்து SO2, வனேடியம் பென்டாக்சைடு மேல் அதை SO3 ஆக்குவது, வெப்பநிலை 450 டிகிரி, அழுத்தம் ஒன்று முதல் இரண்டு வளிமண்டலம். இதுவரை தடையில்லாமல் எழுத முடிகிறது. அப்புறம் "SO3ஐ நேராகத் தண்ணீரில் கரைப்பதில்லை, அடர் கந்தக அமிலத்தில் உறிஞ்ச வைக்கிறார்கள்" என்று வருகிறது. பிள்ளைகள் ஏன் என்று கேட்கிறார்கள். தண்ணீரில் விட்டால் வெள்ளையாக ஒன்று எழும், அது எளிதில் அடங்காது என்று சொல்கிறேன். அந்த "ஒன்று"க்குத்தான் சொல் தேவை. மலையாளப் பிரிவு ஆசிரியர் "மூடல்மஞ்ஞு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். நான் "அமிலப் புகை" என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

நகரி, கல்லூரி விரிவுரையாளர்:

டீச்சர், "அமில ஆவி" என்று போடுங்கள். தண்ணீரோடு SO3 சேரும்போது கிளம்பும் வெப்பம் மிக அதிகம், மோலுக்குச் சுமார் 130 கிலோ ஜூல். அந்தச் சூட்டில் அமிலம் கொதித்து ஆவியாகிறது, அவ்வளவுதான். அமிலத்தில் விட்டால் வெப்பம் குறைவு. கூடவே 450 டிகிரிக்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: அந்த வெப்பநிலையில்தான் SO3 அதிகபட்சமாக விளைகிறது என்று.

வேலந்தாவளம், ஓய்வு பெற்ற ஆலை இயக்குநர்:

ஏலூர்ப் பக்கம் ஓர் அமில ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வி எனக்கு மிக நெருக்கமானது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 450. SO3 அதிகம் விளைவது குறைந்த வெப்பநிலையில்தான். வினை வெப்பத்தை வெளிவிடுவது, எனவே சூடு ஏற ஏற சமநிலை பின்னால் சாயும். ஆனால் வினையூக்கி சுமார் 400 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. ஆகவே 450 என்பது விளைச்சலுக்கும் வேகத்துக்கும் நடுவே செய்துகொண்ட உடன்பாடு. ஆலையில் அந்த ஒற்றை எண் எங்கும் நிலைத்து நிற்பதும் இல்லை. வாயு முதல் வினையூக்கிப் படுகைக்குள் 420 டிகிரி வாக்கில் நுழையும், வெளியேறும்போது 600ஐத் தொடும். அதைக் குளிரவைத்து அடுத்த படுகைக்கு அனுப்புவோம், மறுபடி குளிரவைப்போம். மூன்றாம் படுகை தாண்டியதும் உண்டான SO3ஐ அமிலம் வழியும் ஒரு கோபுரத்தில் எடுத்துவிட்டு, மிச்ச வாயுவை மீண்டும் சூடாக்கி நான்காவதற்கு விடுவோம். விளைபொருளை நடுவிலேயே எடுத்துவிட்டதால் சமநிலை முன்னோக்கி நகர்கிறது. மொத்த மாற்றம் 99.5 சதவீதத்துக்கு மேல் போகும். இப்படி இருக்கும்போது அழுத்தத்தை ஏற்றி அடையப்போவது சொற்பம், செலவுதான் கூடும்.

இப்போது "ஆவி". இந்தச் சொல்லை ஏற்க முடியாது, ஏனென்றால் அது பிள்ளைகளுக்கு நேர்மாறான பொருளைத் தரும். SO3 ஆவியாக வந்தால் எங்களுக்குத் தொல்லையே இல்லை. வாயு மூலக்கூறு வேகமாக அலையும், அமிலம் நனைத்த பரப்பை எப்படியாவது தொட்டு உள்ளே போய்விடும். தொல்லை தருவது ஆவி அல்லாதது.

வெப்பம் பற்றி விரிவுரையாளர் சார் சொன்னது உண்மை, ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது. வெப்பம் மட்டும் பிரச்சினை என்றால் பெரிய குளிர்விப்பான் வைத்துத் தண்ணீரிலேயே கரைத்திருக்கலாமே. ஒரு மோல் SO3 தண்ணீரில் சேரும்போது வரும் வெப்பம் ஏறத்தாழ மூன்று மோல் தண்ணீரை நீராவியாக்கப் போதும். அந்த நீராவி திரவத்தை விட்டு மேலே எழுந்து, வந்துகொண்டிருக்கும் SO3ஐ வாயுவிலேயே சந்திக்கிறது. அங்கேயே H2SO4 ஆகி, பிடிப்பதற்குப் பரப்பு இல்லாததால் தானே கோடிக்கணக்கான நுண்துளிகளாகத் திரள்கிறது. ஒரு மைக்ரானும் அதற்குக் குறைவும். இவை திரவத் துளிகள். மூலக்கூறு போல அலைந்து பரப்பைத் தொட முடியாத அளவு கனம், நேராகப் போய் மோத முடியாத அளவு லேசு. கோபுரத்துக்குள் நிரப்பியிருக்கும் பீங்கான் சேடில் துண்டுகளைச் சுற்றி வாயு எப்படி வளைகிறதோ, அதே வழியில் இவையும் வளைந்து வெளியே போய்விடும். எத்தனை கோபுரம் வைத்தாலும் இதே கதைதான். இவற்றைப் பிடிக்கக் கண்ணாடி நார் அடைத்த கேண்டில்கள் தனியாக வேண்டும்.

இதே காரணத்துக்காகத்தான் எரிப்பதற்கு முன்பே காற்றை அமிலத்தால் உலர்த்துகிறோம். ஈரம் உள்ளே வந்தால் SO3 உண்டானதும் அதே துளிகள்.

வாளையாறு, பேட்டரி கடைக்காரர்:

ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது: தண்ணியில் ஆசிட்டை ஊத்து, ஆசிட்டில் தண்ணியை ஊத்தாதே. ஆலையில் நீங்கள் SO3ஐ அமிலத்தில் உறிஞ்ச வைத்து, அப்புறம் அந்த அமிலத்தில் தண்ணீர் சேர்ப்பீர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்களுக்கு மட்டும் ஏன் தடை?

இன்னொன்று. லாரி பேட்டரியைச் சார்ஜ் போட்டு மூடியைத் திறந்தால் மேலே லேசாக ஒன்று கிளம்பும், தொண்டை கரகரக்கும், சட்டையில் பொத்தல் விழும். அதற்கும் இந்தச் சொல்தானா?

வேலந்தாவளம், ஓய்வு பெற்ற ஆலை இயக்குநர்:

தம்பி, உங்கள் விதியை விடவே விடாதீர்கள். ஜாடியில் அடர் அமிலம் அசையாமல் நிற்கிறது. மேலே ஊற்றிய தண்ணீர் லேசானதால் மேலேயே தங்கி, அந்த மெல்லிய இடத்தில் கொதித்துத் தெறிக்கும். ஆலையில் அமிலம் நிற்பதில்லை. பம்பு தொட்டியில் சுழன்று ஓடும் பெரிய ஓட்டத்துக்குள் சிறிதளவு தண்ணீர் அளவாகப் போகிறது.

எவ்வளவு சிறிது என்று கணக்காகவே சொல்கிறேன், டீச்சருக்கும் உதவும். கோபுரத்தின் உச்சியில் 100 டன் அமிலம் விழுவதாக வைப்போம், வலிமை 98.3 சதவீதம். அதில் தண்ணீர் 1.7 டன்தான். அடியில் 98.8 ஆக வெளியேற வேண்டுமானால் அது உறிஞ்சிய SO3 சுமார் 2.1 டன். பழைய 98.3க்குத் திரும்ப நாம் சேர்க்கும் தண்ணீர் அரை டன்னுக்குச் சற்று மேல். கூடுதலாகக் கிடைக்கும் அமிலம் 2.6 டன், அதுதான் விற்பனைக்கு. மிச்ச 100 டன் மறுபடி மேலே போகிறது. வினையின் வெப்பம் இத்தனை டன்னில் பரவுவதால் அமிலத்தின் சூடு சுமார் 25 டிகிரிதான் ஏறும், வாயு கொண்டுவரும் சூடு தனி. அதைக் குளிர்விப்பானில் எடுத்துவிடலாம். பாடம் சொல்வது போல ஓலியம் ஆக்கித்தான் தீர வேண்டும் என்றில்லை. ஓலியம் வேண்டிய ஆலை அதற்குத் தனிக் கோபுரம் வைத்துக்கொள்ளும்.

ஏன் 98.3? வலிமை அதற்குக் கீழே போனால் அமிலத்தின் மேல் நீராவி அழுத்தம் இருக்கும். மேலே சொன்ன துளிகள் உடனே பிறக்கும். மேலே போனால் அமிலமே SO3ஐ வெளியே விடும், வந்த SO3 முழுக்க உள்ளே போகாது. இரண்டும் சேர்ந்து மிகக் குறைவாக இருப்பது அந்த இடத்தில்தான். எனவே "அமிலத்தில் உறிஞ்சுகிறார்கள்" என்று மட்டும் எழுதினால் போதாது. பேட்டரி அமிலமும் அமிலம்தான், அது ஏறத்தாழ 37 சதவீதம். அதில் SO3ஐ விட்டால் தண்ணீரில் விட்ட மாதிரியேதான் வெள்ளை எழும்.

புகைபோக்கியைப் பார்த்தே ஓரளவு ஊகிப்போம். கந்தகம் எரிக்கும் ஆலையின் வெளிவாயு உலர்ந்தது, நீராவி வெளுக்க வழியில்லை. வாயிலேயே வெள்ளை தொடங்கினால் துளிகள் உள்ளேயே பிறந்திருக்கின்றன: வலிமை குறைந்திருக்கலாம், உலர்த்தும் கோபுரம் சரியில்லாமல் இருக்கலாம், கேண்டில் கிழிந்திருக்கலாம். வாயில் தெளிவாக வந்து சற்றுத் தள்ளி வெளுத்தால் SO3 தப்பி வெளிக்காற்றின் ஈரத்தைச் சந்திக்கிறது: அமிலம் கூடுதல் வலிமை அல்லது கூடுதல் சூடு. முடிவு சொல்வது ஆய்வகம்தான், கண் சும்மா முதல் தகவல்.

பேட்டரி மேல் எழுவது வேறு வகையில் பிறப்பது. சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன், ஆக்சிஜன் குமிழிகள் மேற்பரப்பில் வெடித்து அமிலத்தைத் தெறிக்கின்றன. ஆனால் அதுவும் துளிதான், ஆவி அல்ல.

நகரி, கல்லூரி விரிவுரையாளர்:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. அப்படியானால் "ஆவி"யும் "புகை"யும் போகட்டும். ஓலியத்தைப் "புகையும் கந்தக அமிலம்" என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அங்கேயும் குழப்பம் வரும்.

"அமில மஞ்சு" என்று சொன்னால்? மலையில் மஞ்சு தவழ்கிறது என்பது நம் பேச்சில் உள்ளதே. உங்கள் பக்கம் மலையாளத்தில் மஞ்ஞு, எங்கள் பக்கம் தெலுங்கில் மஞ்ச்சு. எல்லையில் படிக்கும் பிள்ளைக்குப் பக்கத்து வகுப்புச் சொல்லோடு ஒட்டி வரும். "மஞ்சு வடிகட்டி" என்று கேண்டிலுக்கும் பெயர் கிடைத்துவிடும்.

வேலந்தாவளம், ஓய்வு பெற்ற ஆலை இயக்குநர்:

வடிகட்டிக்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் தமிழில் மஞ்சு என்றால் மேகம் என்றே பலருக்குப் படும். ஆலையில் தமிழ்க்காரர்கள் நாங்கள் "மிஸ்ட்" என்றுதான் சொல்லிப் பழகினோம். எனக்கு "நுண்துளி" என்ற சொல் உள்ளே இருக்க வேண்டும். "அமில நுண்துளிப் படலம்" நீளம்தான், ஆனால் ஏன் அது உறிஞ்சப்படாது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

வாளையாறு, பேட்டரி கடைக்காரர்:

கடையில் பையன்களுக்கு நீளச் சொல் ஒட்டாது ஐயா. "ஆசிட் தூவானம்" என்று சொல்லிப் பார்த்தேன், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

வேலந்தாவளம், ஓய்வு பெற்ற ஆலை இயக்குநர்:

பேட்டரிக்குத் தூவானம் சரி தம்பி, அங்கே துளி பெரிது, சீக்கிரம் கீழே படிந்துவிடும். எங்கள் துளி படியாது, காற்றோடு நெடுந்தூரம் போகும். இரண்டுக்கும் இரண்டு சொல் இருந்தால் நல்லதுதான்.

கொழிஞ்சாம்பாறை, பள்ளி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. குறிப்பில் இப்போதைக்கு இப்படி மாற்றியிருக்கிறேன்:

"SO3 தண்ணீரைச் சந்தித்தால், எழும் நீராவியோடு வாயுவிலேயே சேர்ந்து அமில மூடுபனி ஆகிறது. இது மிக நுண்ணிய திரவத் துளிகளால் ஆனது, கோபுரத்தில் அடங்காது. 98.3 சதவீத அமிலத்தின் மேல் நீராவியும் SO3 ஆவியும் மிகக் குறைவு என்பதால் அங்கே மூடுபனி உண்டாகாமல் SO3 உறிஞ்சப்படுகிறது."

"மூடுபனி" பிள்ளைகளுக்குப் பழகிய சொல், நுண்துளி அடுத்த வாக்கியத்தில் வந்துவிடுகிறது. மஞ்சுவை அடைப்புக்குறியில் போடலாமா என்று யோசிக்கிறேன். 450 டிகிரி வரியையும் "உடன்பாடு" என்று திருத்திவிட்டேன். இன்னும் ஒரு கேள்வி மிச்சம்: வினையூக்கியின் பரப்பில் வாயு ஒட்டுவதையும் பிள்ளைகள் "உறிஞ்சுதல்" என்றே எழுதுகிறார்கள். கோபுரத்தில் நடப்பதற்கு "உட்கவர்தல்" என்று மாற்றிவிடலாமா, இல்லை உறிஞ்சுதலே இருக்கட்டுமா?

நகரி, கல்லூரி விரிவுரையாளர்:

மூடுபனி என்றால் அது தண்ணீர்த் துளி என்று பிள்ளை நினைக்கும். என் ஓட்டு இன்னும் மஞ்சுக்குத்தான். உறிஞ்சுதலுக்குத் தனி இழை தொடங்குங்கள் டீச்சர், அதில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.