மொமென்டம் முறை: எக்செலில் இலாபம், புரோக்கர் கணக்கில் இல்லை. எங்கே போகிறது?

ஹட்டன்வாசி: இந்தியாவின் நிஃப்டி 200 மொமென்டம் 30 சுட்டெண்ணைப் பார்த்து அதே மாதிரி கொழும்புச் சந்தையில் செய்கிறேன். ஆறு மாதத்திலும் பன்னிரண்டு மாதத்திலும் நன்றாக ஏறிய பத்துப் பங்குகள், ஒவ்வொன்றிலும் 50,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைப் புதுப்பிக்கும்போது குறைந்தது ஐந்து பங்குகள் மாறிவிடும். கடைசி விலையை வைத்து எக்செலில் பார்த்தால் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண்ணை விட முன்னுக்கு நிற்கிறது, கணக்கில் பார்த்தால் பின்னுக்கு. முறையே பிழையா?

பதுளை அண்ணன்: கமிஷன்தான் தம்பி. மொமென்டத்தை விட்டுவிட்டு மலிவாகக் கிடக்கும் சின்னக் கம்பனிகளை வாங்கி இரண்டு மூன்று வருடம் வைத்திருங்கள், செலவே வராது.

நானுஓயா: அண்ணன் சொல்வதில் பாதி சரி. வாங்கினாலும் விற்றாலும் 1.12 வீதம் போகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டரை இலட்சத்துக்கு விற்று அதே அளவுக்கு வாங்கினால் 5,600 ரூபாய், வருடத்துக்கு நாலு முறை என்றால் 22,400. ஐந்து இலட்சத்தில் இதுவே நாலரை வீதம்.

அடுத்தது விலை இடைவெளி. வாங்குபவர் 41.20 கேட்கிறார், விற்பவர் 42.00 சொல்கிறார் என்றால், உடனே முடிக்கப் பார்க்கும் நீங்கள் 42க்கு வாங்கி 41.20க்கு விற்பீர்கள். வருடத்தில் பத்து இலட்சத்துக்குப் பங்கு மாற்றுகிறீர்கள், எல்லாமே இப்படி என்றால் இன்னொரு 19,000 போகும். எக்செல் எடுக்கும் கடைசி விலையில் இது தெரியாது. சின்னக் கம்பனிகளில்தான் இந்த இடைவெளி பெரிது, அதனால் அண்ணன் சொல்வதற்கும் செலவு உண்டு, அடிக்கடி வராது, அவ்வளவுதான்.

கொட்டகலை: எங்கள் தோட்டக் கம்பனியின் பங்கு புத்தக மதிப்பை விடக் கீழே போகிறது. இதுதானே வேல்யூ? அப்பாவின் சேமலாப நிதிக் காசைப் போடலாமா?

நானுஓயா: தயவுசெய்து அவசரப்படாதீர்கள் தம்பி. வேல்யூ ஃபண்ட் மலிவான பங்குகளை நிறையச் சேர்த்து வாங்குகிறது, அதில் சில கெட்டுப்போகும் என்று தெரிந்தே வாங்குகிறது. நீங்கள் கேட்பது ஒரே ஒரு கம்பனி. அதிலும் தேயிலைக் காணி பெரும்பாலும் அரசாங்கக் குத்தகை, புத்தகத்தில் உள்ளதை விற்றுக் காசாக்க முடியாது.

ஹட்டன்வாசி: அப்போ என் செலவை எப்படிக் குறைப்பது அக்கா?

நானுஓயா: நிஃப்டி அந்தச் சுட்டெண்ணை ஜூனிலும் டிசம்பரிலும் மட்டும்தான் மாற்றுகிறது, நீங்களும் வருடத்துக்கு இரண்டு முறை செய்யுங்கள். அப்புறம் ஒரு பங்கு உங்கள் வரிசையில் பத்தாம் இடத்திலிருந்து இறங்கியவுடன் விற்காமல், இருபதாம் இடத்துக்குக் கீழே போனால் மட்டும் விற்றுப் பாருங்கள். உங்கள் எக்செலிலும் கடைசி விலைக்குப் பதிலாக உண்மையில் வாங்கிய, விற்ற விலையைப் போடுங்கள்.

பதுளை அண்ணன்: ஆனால் சந்தை திரும்பினால்? 2009இல் அமெரிக்காவில் விழுந்து கிடந்த பங்குகள்தான் வேகமாக எழும்பின, மொமென்டம் பிடித்தவர்கள் அடிவாங்கினார்கள். ஆறு மாதம் காத்திருந்தால் இன்னும் மோசம்.

நானுஓயா: உண்மைதான் அண்ணன். எவ்வளவு தாமதம் சரி என்று கொழும்புக்கு யாராவது கணக்குப் பார்த்திருந்தால் போடுங்கள், நானும் தேடுகிறேன்.