ஏயூசி உயர்ந்தும் ஏ/பி சோதனையில் கிளிக் உயரவில்லை: காரணம் எங்கே?

கேள்வி
எம்.எல். பொறியாளர் பணிக்கான நேர்காணல் ஒன்றில் காணொளிச் செயலிக்குப் பரிந்துரை அமைப்பை வடிவமைக்கச் சொன்னார்கள். டூ-டவர் மாடல் 500 காணொளிகளைத் தேர்ந்தெடுத்துத் தரும், அவற்றை ரேங்கர் வரிசைப்படுத்தும் என்று விளக்கினேன். அடுத்து, “பயனரின் கடந்த வாரக் கிளிக் விகிதத்தையும் கைபேசி வகையையும் ரேங்கரில் சேர்த்தோம். ஆஃப்லைன் ஏயூசி நன்றாக உயர்ந்தது, ஏ/பி சோதனையில் கிளிக் விகிதம் அசையவில்லை. ஏன்?” என்று கேட்டார்கள். எனக்கு விடை தெரியவில்லை.

மறுமொழி 1
தரவை நாள்வாரியாகப் பிரிக்காமல் கலைத்துப் பிரித்திருப்பார்கள். அப்படிச் செய்தால், கணிக்க வேண்டிய கிளிக்கே கடந்த வார விகிதத்துக்குள் புகுந்துவிடும்.

மறுமொழி 2
எங்கள் அணியிலும் இப்படி நடந்தது. பயனர்கள் போதாமல் வேறுபாடு தெரியவில்லை. சோதனையை நீட்டித்த பிறகே தெரிந்தது.

கேட்டவர்
நாள்வாரியாகப் பிரித்ததாகவும் பயனர்கள் போதுமான அளவு இருந்ததாகவும் அவர்களே கூறினார்கள்.

மறுமொழி 3
அப்படியென்றால் ஏயூசியை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பாருங்கள். இரண்டு பயனர்களுக்குத் தலா 4 காணொளிகள் காட்டப்பட்டன. முதலாமவர் மூன்றையும் இரண்டாமவர் ஒன்றையும் கிளிக் செய்தார்கள் என்று கொள்வோம். முதலாமவரின் எல்லாக் காணொளிகளுக்கும் 0.75, இரண்டாமவரின் எல்லாவற்றுக்கும் 0.25 என்று மட்டுமே மதிப்பெண் தரும் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கிளிக் ஆனதையும் ஆகாததையும் இணைத்தால் வரும் 16 இணைகளில், கிளிக் ஆனதற்கு அதிக மதிப்பெண் கிடைத்தால் சரி என்று கொண்டால், 9 சரி, 1 தவறு, 6 சமம். சமத்துக்கு அரை வீதம் சேர்த்தால் ஏயூசி 0.75. ஆனால் பயனருக்குள் எந்தக் காணொளி முதலில் வர வேண்டும் என்று அந்த மாடலுக்குத் தெரியவே தெரியாது. பயனர் வாரியாகக் கணக்கிட்டால் 0.5 தான் வரும். உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு ஃபீச்சர்களும் பயனரைப் பற்றியவை. யார் அதிகம் கிளிக் செய்பவர் என்பதை அவை சொல்லும், திரையில் வரிசையை மாற்றாது. ஆகவே பயனர் வாரியான ஏயூசியைப் பார்த்திருந்தால் சோதனைக்கு முன்பே தெரிந்திருக்கும்.

மறுமொழி 1
கைபேசி வகை காணொளியின் நீளத்தோடு சேர்ந்து வேலை செய்யாதா? சிறிய திரையில் நீண்ட காணொளியை யாரும் தொடுவதில்லையே.

மறுமொழி 3
செய்யலாம். மாடல் அந்த இணைப்பைக் கற்றிருந்தால் பயனருக்குள்ளும் வரிசை மாறும். அதனால் அந்த ஃபீச்சரை உடனே நீக்கச் சொல்லமாட்டேன்.

கேட்டவர்
டூ-டவர் மாடலுக்கும், கிளிக் ஆனவற்றில் எவ்வளவு பங்கு அந்த 500-க்குள் வந்தது என்று சொல்லும் ரீகால்@500 அளவைப் பயனர் வாரியாகப் பார்த்தால் போதுமா?

மறுமொழி 3
போதாது. பழைய அமைப்பு காட்டியவற்றுக்கு மட்டுமே பதிவில் கிளிக் இருக்கிறது. புதிய மாடல் கொண்டுவரும் நல்ல காணொளி முன்பு காட்டப்படாதது என்றால், ரீகால் கணக்கில் அதற்கு எந்த மதிப்பும் கிடைக்காது. பழைய அமைப்பைப் போலவே நடக்கும் மாடலே மேலாகத் தெரியும். சிறு பங்குப் பயனர்களுக்குச் சில இடங்களில் தற்செயலாகத் தேர்ந்த காணொளிகளைக் காட்டிப் பதிவு செய்தால் இது ஓரளவு சரியாகும்.

மறுமொழி 2
எங்கள் தயாரிப்புக் குழு அதற்கு ஒப்புக்கொள்வதே இல்லை. எத்தனை விழுக்காடு கேட்கலாம் என்று இன்னும் முடிவாகவில்லை.