பள்ளி ப்ராஜெக்ட் வீடியோவில் உதடும் குரலும் பிரிந்துபோன அனுபவம்

இரவுப்பணி_அப்பா

எனக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. மணிக்கு ஒருமுறை எல்லா அறைகளின் வெப்பநிலையையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் பழைய லேப்டாப்பில் எடிட்டிங் கற்றுக்கொண்டேன். மகளின் பள்ளியில் ‘மறைந்துபோன ஒரு வேலை’ என்று வீடியோ ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். அவளும் அவள் தோழியும் சேர்ந்து செய்தது. என் அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். அவரைச் சன்னலோரம் உட்காரவைத்து, போனிலேயே பத்து நிமிடம் ஒரே மூச்சாகப் பதிவு செய்திருந்தார்கள். வெட்டி ஐந்து நிமிடமாக்குவது என் பொறுப்பு.

வெட்டுவது, ஒட்டுவது, தலைப்பு போடுவது எல்லாம் வந்துவிட்டது. பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. மகளும் தலையாட்டிவிட்டாள். தோழிதான் பாதியில் நிறுத்தச் சொன்னாள். அந்தப் பெண் காதுக்கருவி போட்டிருப்பவள். பாதியைக் கேட்டும் பாதியை உதட்டைப் பார்த்தும் புரிந்துகொள்வாள். “பாட்டி வாய் ஒண்ணு சொல்லுது, சத்தம் வேற சொல்லுது” என்றாள். “முதல்ல சரியா இருந்துச்சு, போகப் போக மாறுது.”

கடைசிப் பகுதியில் அம்மா கையை நீட்டி, போர்டில் பிளக்கைச் செருகுவதுபோல் காட்டி “நம்பர் ப்ளீஸ்” என்பார். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். கை செருகிவிட்டது, வாய் மூடிவிட்டது, அதற்கப்புறம் “நம்பர் ப்ளீஸ்” வருகிறது. என் அம்மாவுக்கு வேறு யாரோ டப்பிங் பேசியதுபோல். இத்தனை முறை பார்த்தும் என் கண்ணில் படாதது அந்தப் பிள்ளை கண்ணில் ஒரே பார்வையில் பட்டுவிட்டது. அதுதான் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

அன்றிரவு முதலில் லேப்டாப்பைச் சந்தேகப்பட்டேன். எடிட்டருக்குள் படம் திக்கித் திக்கித்தான் ஓடும். அதனால் கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து போனில் ஓட்டினேன். அதிலும் அதே பிசகு. சரி, கோளாறு லேப்டாப்பில் இல்லை. அப்புறம் அசல் கோப்பை எடிட்டர் இல்லாமல் பிளேயரில் ஓட்டினால் உதடும் குரலும் கச்சிதம். அசலில் இல்லாத பிசகு எடிட்டருக்குள் எப்படி வந்தது? அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஒலிப்பெட்டி

நடந்திருக்கிறது. இது சாம்பிள் ரேட் பிரச்சினை. சில கருவிகள் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யும், எடிட்டர் 48-ல் வேலை செய்யும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒலி மெல்ல மெல்ல விலகும். தனி ரெக்கார்டரில் எடுத்த ஒரு பேச்சு எனக்கு இப்படித்தான் விலகியது. ப்ராஜெக்ட் அமைப்பில் ஆடியோவை மாற்றுங்கள், முடிந்தது.

மேசை_எடிட்டர்

ஒலிப்பெட்டி, மெல்ல மெல்ல விலகும் என்ற வரை சரி. காரணம் அது இல்லை. 44.1-ல் எடுத்ததை 48 என்று நினைத்து ஓட்டினால் பத்து நிமிடப் பேச்சு கிட்டத்தட்ட ஐம்பது நொடி சுருங்கிவிடும், குரலும் கீச்சென்று ஆகிவிடும். அவர் சொல்வது ஒரு நொடிக்குள் அடங்கும் விலகல். தனி ரெக்கார்டர் என்றால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் இம்மியளவு வேறுபடும், உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கும். இவர் படமும் ஒலியும் ஒரே போனில் எடுத்திருக்கிறார்.

அப்பா சார், கோப்பை மீடியாஇன்ஃபோவில் திறந்து பாருங்கள். `Frame rate mode` என்ற வரியில் `Variable` என்று இருக்கும் என்று நினைக்கிறேன். போன் எப்போதும் நொடிக்குச் சரியாக 30 ஃப்ரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃப்ரேமையும் சற்று நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கும், எண்ணிக்கை குறையும். எந்த ஃப்ரேம் எந்த நேரத்தில் வர வேண்டும் என்று கோப்பிலேயே எழுதியிருக்கும். பிளேயர் அதைப் படித்து ஓட்டுவதால்தான் அசல் கச்சிதமாக இருக்கிறது. பல எடிட்டர்கள் அதைப் பார்க்காமல் எல்லா ஃப்ரேமையும் சீராக 30 என்று அடுக்கிவிடும்.

உங்கள் பத்து நிமிடத்துக்கு 18,000 ஃப்ரேம் வேண்டும். போன் 17,982 எடுத்திருந்தால் 18 குறைவு. அதைச் சீராக அடுக்கினால் படம் 0.6 நொடி முன்னதாகவே முடிந்துவிடும், ஒலி பின்தங்கும். வாய் மூடிய பிறகு “நம்பர் ப்ளீஸ்” வருவது அதனால்தான்.

எடிட்டருக்குள் கொண்டுபோவதற்கு முன்பே கோப்பைச் சீரான ஃப்ரேமுக்கு மாற்றிவிடுங்கள்:

```
ffmpeg -i patti.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a copy patti_30.mp4
```

ஃப்ரேம் குறைந்த இடத்தில் முந்தைய ஃப்ரேமையே இன்னொரு முறை வைத்து நிரப்பும். ஒலியைத் தொடாது. கட்டளை எழுதப் பழக்கமில்லை என்றால் ஹேண்ட்பிரேக்கில் `Constant Framerate` தேர்ந்தெடுத்தாலும் போதும்.

இதைச் சொல்லக் காரணம், ஒரு மேடைப் பேச்சை இப்படியே பிசகோடு கொடுத்தேன். பேச்சாளரின் மனைவி போனில் அழைத்து, “அவர் இப்படிப் பேசமாட்டாரே” என்றார். என்ன பிசகு என்று அந்த அம்மாவால் சொல்லத் தெரியவில்லை. அவர் அவர் மாதிரி இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

சன்னல்_இருக்கை

எனக்கும் இதே அனுபவம்! புது வயர்லெஸ் ஹெட்செட் போட்டு என் மகனின் நாடக வீடியோவை எடிட் செய்தேன். எல்லா வசனமும் தாமதமாக வந்தது. ஒலியை எல்லா இடத்திலும் முன்னால் இழுத்துவைத்துச் சரிசெய்தேன். பள்ளி ஸ்பீக்கரில் போட்டபோது வசனம் முதலில் வருகிறது, பிள்ளைகள் அப்புறம் வாயைத் திறக்கிறார்கள். அரங்கமே சிரித்தது, என் மகன் சிரிக்கவில்லை. அப்பா, நீங்கள் வயர் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், சரியாகிவிடும்.

மேசை_எடிட்டர்

உங்கள் மகனுக்காக வருந்துகிறேன் அக்கா. ஆனால் ஹெட்செட் தாமதம் ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரே அளவு இருக்கும். இவருடையது ஆரம்பத்தில் இல்லை, போகப் போகக் கூடுகிறது. முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

துண்டு_துண்டாய்

நான் மேசை_எடிட்டரோடு உடன்படவில்லை. முழுக் கோப்பையும் மாற்ற எதற்கு? ஏற்கெனவே துண்டுகளாக வெட்டிவிட்டார். ஒவ்வொரு துண்டிலும் ஒலியைப் பிரித்து, உதட்டோடு பொருந்தும்வரை நகர்த்தினால் போதும். பத்து நிமிடத்தில் 0.6 நொடி என்றால் இருபது நொடித் துண்டுக்குள் 0.02 நொடிதான் விலகும். ஒரு ஃப்ரேம்கூட இல்லை. வேலைக்கு நடுவே செய்பவருக்கு இதுதான் எளிது. ஒரு பேட்டியை இப்படித்தான் முடித்துக் கொடுத்தேன், ஒருவரும் குறை சொல்லவில்லை.

மேசை_எடிட்டர்

பத்து நிமிடமும் ஒரே சீராக விலகினால் உங்கள் கணக்கு சரி. சன்னலோரம் எடுத்தது என்று சொல்லியிருக்கிறார். மாலையில் எடுத்திருந்தால் முதல் பாதியில் ஒன்றும் விலகாது, இருட்ட இருட்டத்தான் ஃப்ரேம் விழும். 18 ஃப்ரேமும் கடைசி நான்கு நிமிடத்தில் விழுந்திருந்தால் அங்கே இருபது நொடித் துண்டில் ஒன்றரை ஃப்ரேம்.

துண்டு_துண்டாய்

ஒன்றரை ஃப்ரேம் என்பது 50 மில்லிசெகண்ட். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரையிலேயே ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினால்தான் அல்லது 125 பிந்தினால்தான் ஆட்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும் என்றிருக்கிறது. இவருடையது பிந்துகிறது. தூரத்தில் விறகு வெட்டுபவரைப் பார்க்கும்போதும் சத்தம் பிந்தித்தானே வருகிறது, கண்ணுக்கு அது பழக்கம்.

மேசை_எடிட்டர்

அந்த அளவு சாதாரணமாகப் பார்ப்பவர்களுக்கு. இதைப் பார்க்கப்போவது உதட்டைப் படிக்கும் ஒரு பிள்ளை.

வகுப்பறை

நான் ஆசிரியர். இப்படிப்பட்ட வீடியோக்கள் என்னிடம்தான் வந்து சேரும். ஒரு மாணவன் தன் தாத்தா பேசுவதை எடுத்து வந்தான். விலகல் அதிகமானதும் அவனே எழுந்துபோய் ஒலியை நிறுத்திவிட்டு, தாத்தா பேசுவதையெல்லாம் பக்கத்தில் நின்று தானே சொன்னான். மதிப்பெண் போட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்காவிட்டாலும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை பத்து நிமிடத்தை ஒரே பதிவாக எடுக்க வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் நிறுத்தி நிறுத்தி எடுத்தால் விலகல் சேர இடமே இல்லை. சன்னலை நம்பாமல், முகத்துக்கு நேரே ஒரு விளக்கு வையுங்கள். முகத்தில் வெளிச்சம் இருந்தால் போனும் ஒழுங்காக 30 எடுக்கும், உதடும் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் பிள்ளையை ஒரு முறை கைதட்டச் சொல்லுங்கள். கை சேரும் ஃப்ரேமும் ஒலி வரைபடத்தில் எழும் முனையும் இரண்டு இடத்திலும் ஒன்றாக நின்றால் கவலையில்லை. முதலில் ஒன்றாகவும் கடைசியில் விலகியும் இருந்தால், வெட்டத் தொடங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். அசல் கோப்பை அரட்டைச் செயலி வழியாக லேப்டாப்புக்கு அனுப்பாதீர்கள், அது சுருக்கி வேறு கோப்பாக்கிவிடும். கேபிளில் எடுங்கள்.

இன்னொன்று. அந்தத் தோழிக்காகக் கீழே எழுத்தும் போடுங்கள். ஒத்திசைவு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், பாட்டி முகத்தைத் திருப்பும்போது அவளுக்கு உதடு தெரியாது. அப்புறம், எடிட்டிங்கைப் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டுமே?

இரவுப்பணி_அப்பா

எல்லோருக்கும் நன்றி. மீடியாஇன்ஃபோவில் `Variable` என்றுதான் இருந்தது. பதிவு செய்தது மாலையில்தான், கடைசிக் கேள்விகளுக்கு வரும்போது அறை மங்கியிருக்கிறது. முன்னே படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததன் காரணமும் இப்போது புரிகிறது.

கட்டளையைக் கொடுத்துவிட்டு அறைகளைச் சுற்றப் போனேன். திரும்பி வந்தபோது புதுக் கோப்பு தயார். “நம்பர் ப்ளீஸ்” இருக்கும் இடத்துக்குப் போனேன். கைதட்டல் இல்லாததால் உதட்டையே அடையாளமாக வைத்துக்கொண்டேன். ‘ம்ப’வுக்கு இரண்டு உதடும் ஒட்டியே ஆக வேண்டும். ‘ப்ளீ’க்கும் அப்படித்தான். அந்த ஃப்ரேமில் ஒலி வரைபடம் அடங்கி, உதடு பிரிந்ததும் எழுகிறது. சரியாக உட்கார்ந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை, மற்றவர்களுக்கு உதவும். பழைய கோப்பின் இடத்தில் புதியதைப் பொருத்தியதும் என் வெட்டுகள் எல்லாம் இடம் மாறிவிட்டன. முன்பகுதியில் மாற்றம் இல்லை, பின்னால் போகப் போக வெட்டு அரை நொடிவரை தள்ளி விழுந்து சொல்லின் நடுவில் நின்றது. கடைசி நான்கு நிமிடத்திலிருந்து எடுத்த துண்டுகளை மறுபடி வெட்ட வேண்டியிருந்தது. ஆகவே மாற்றுவதாக இருந்தால் வெட்டத் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.

துண்டு_துண்டாய் சொன்னபடியும் ஒரு துண்டில் செய்து பார்த்தேன். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தோழியிடம் எது எதுவென்று சொல்லாமல் இரண்டையும் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

வகுப்பறை டீச்சர், கீழே எழுத்துப் போடும் வேலையைப் பிள்ளைகள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள். பாட்டி சொல்லும் வார்த்தையை அப்படியே போடுவதா, திருத்திப் போடுவதா என்று இருவருக்கும் சண்டை நடக்கிறது.

துண்டு_துண்டாய்

தோழி எதைச் சொன்னாள் என்று கட்டாயம் இங்கே எழுதுங்கள்.