பழைய கோச் கைப்பை: எந்தப் படங்கள் எடுக்க வேண்டும்?

வணக்கம். சனிக்கிழமை ஒருவரிடம் பழைய கோச் வில்லிஸ் தோல் பை பார்க்கப் போகிறேன். இந்தப் பைகளில் பழக்கமுள்ள உங்களிடம் படங்களைக் காட்டி உறுதிசெய்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன். அவர் அனுப்பிய நான்கு படங்களும் ஃப்ளாஷ் போட்டு எடுத்தவை. உள்ளே தைத்திருக்கும் முத்திரைத் தோலில் எழுத்துக்கு நிறம் கிடையாது, வெறும் பள்ளம்தான். நேர் வெளிச்சத்தில் அந்தப் பள்ளம் பளபளப்பில் மறைந்து, எண்ணே தெரியவில்லை.

அதனால் ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழ, முத்திரைக்கு நேராக போனைப் பிடித்து எடுக்கலாம் என்றிருக்கிறேன். முத்திரையிலுள்ள எண்ணில் சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் 9927 வில்லிஸின் மாடல் எண். ஆனால் போலியிலும் அதே எண்ணைப் பதிக்கலாமே! அதனால் முழுப் பை முன்னும் பின்னும், திருகிப் பூட்டும் பூட்டு அருகிலிருந்து, மூலைத் தையல் பக்கத்தில் ஸ்கேலோடு, அப்புறம் உள்பக்கம். பழைய வில்லிஸில் உள்ளே துணி இருக்காது, தோலின் சொரசொரப்பான மறுபக்கமே தெரியும்.

பூட்டின் பின்புறமும் வாரின் பக்கிளும் தேவையா? தையலை எவ்வளவு நெருக்கத்தில் எடுத்தால் உங்களால் தீர்மானிக்க முடியும்? அரை மணி நேரம்தான் தருவார், மறுபடி போக முடியாது. விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்.